இறுதிக் கணக்கின் கடைசி வரி

கலைக்கப்படும் ஒரு கம்பெனியின் இறுதிக் கணக்கு அறிக்கையை முதன்முறையாக நானே தயாரித்தபோது, இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். அந்த அறிக்கை வரவு செலவுப் பதிவுதான். சொத்துகளை விற்று வந்த பணம் ஒரு பக்கமும், அது யாருக்குப் போனது என்பது மறுபக்கமும் இருக்கும். கையில் இருந்த பணம் முழுவதையும் கொடுத்துத் தீர்த்தால் இரு பக்கமும் எப்படியும் சமமாகவே வரும். ஆகவே சமமாக வந்தது என்பதால் கணக்கு சரி என்று ஆகிவிடாது. இதை எனக்குப் புரிய வைத்தவர், நான் உதவியாளராக இருந்த அலுவலகத்தின் மூத்த கலைப்பாளர்.

அந்தக் கம்பெனியின் கட்டடம் 30 லட்சம் கடனுக்காக ஒரு வங்கியிடம் அடமானத்தில் இருந்தது. வங்கியே அதை 34 லட்சத்துக்கு விற்று, தன் கடனை எடுத்துக்கொண்டு, மீதி 4 லட்சத்தை எங்களிடம் அனுப்பியது. இயந்திரங்கள், சரக்கு, வசூலான பாக்கி ஆகியவற்றின் மூலம் நாங்கள் திரட்டியது 11,60,000. கையிருப்பு 40,000. ஆக மொத்தம் 16 லட்சம் எங்கள் கையில் இருந்தது.

அதிலிருந்து முதலில் கலைப்புச் செலவு 61,000 போயிற்று. திரட்டிய தொகையின் மீதும் வங்கி அனுப்பிய உபரியின் மீதும் கலைப்பாளருக்கு 2.5 சதவீதம் கமிஷன் என்று நியமனத் தீர்மானம் சொன்னது. கையிருப்புக்குக் கமிஷன் இல்லை. 15,60,000க்கு அது 39,000. அடுத்து, முன்னுரிமைக் கடனாகச் சட்டம் வகைப்படுத்தும் தொழிலாளர் சம்பளப் பாக்கியும் வரிகளும் 2,40,000. அதன்பின், குறிப்பிட்ட ஒரு சொத்தின் மேல் இல்லாமல் சரக்கு போல மாறிக்கொண்டே இருக்கும் சொத்துகளின் மேல் நிற்கும் மாறும் பிணையைக் காட்டி வாங்கிய கடன் பத்திரங்களான டிபெஞ்சர்கள், வட்டியோடு 4,44,000. இவ்வளவும் போக 8,16,000 மிஞ்சியது. பிணையற்ற கடனீந்தோருக்கு உரிய தொகையும், அவர்களுக்குக் கொடுக்கப்படும் தொகையின் மேல் கலைப்பாளருக்கு உரிய 2 சதவீதக் கமிஷனும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

நான் முதல் வரைவில் டிபெஞ்சர்தாரர்களை முன்னுரிமைக் கடனீந்தோருக்கு மேலே எழுதியிருந்தேன். இரு தரப்பாருக்கும் முழுத் தொகையும் கிடைத்துவிட்டதால் எந்த எண்ணும் மாறவில்லை, கூட்டலும் சரியாகவே வந்தது. மூத்தவர் அதை அடித்து வரிசையை மாற்றினார். சொத்துகள் இன்னும் குறைவாக விலைபோயிருந்தால், மாறும் பிணை வைத்திருப்பவரை முன்னால் நிறுத்தியதன் இழப்பு தொழிலாளர்களின் சம்பளத்தில் விழுந்திருக்கும் என்றார்.

இரண்டாவது பிழை கமிஷனில் இருந்தது. மிச்சம் இருந்த 8,16,000க்கு நேராக 2 சதவீதம் போட்டு, 16,320 என்று எழுதியிருந்தேன். மீதி 7,99,680 கடனீந்தோருக்கு. மூத்தவர் அந்த இரண்டு எண்களையும் வட்டமிட்டுவிட்டு, "நீங்கள் கொடுப்பது 7,99,680தானே? அதில் 2 சதவீதம் எவ்வளவு?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தால் 16,000க்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. கமிஷன் கொடுக்கப்படும் தொகையின் மேல் கணக்கிடப்படுவது. கையில் இருக்கும் தொகையோ கமிஷனையும் சேர்த்த தொகை. கடனீந்தோருக்கு 100 போகும்போது கலைப்பாளருக்கு 2 போகிறது என்றால், 102க்கு 2 என்ற வீதத்தில் பிரிக்க வேண்டும். 8,16,000ஐ 102ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 16,000; கடனீந்தோருக்குச் சரியாக 8 லட்சம். வித்தியாசம் 320தான். ஆனால் அந்த 320 முழுவதும் கலைப்பாளர் தனக்கு உரிமையில்லாமல் எடுத்துக்கொண்டதாக ஆகும். அதைக் கொடுத்திருப்பவர்கள் வரிசையின் கடைசியில் நின்றவர்கள். எல்லாருக்கும் முழுத் தொகையும் கொடுக்கப் பணம் இருக்கும் கம்பெனியில் இந்தக் கேள்வியே வராது. கடன் தொகையின் மேல் நேராக 2 சதவீதம் போட்டால் போதும்.

இதே இடத்தில் தீர்மானத்தின் சொற்களையும் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. முன்னுரிமைக் கடனீந்தோரும் ஒரு வகையில் பிணையில்லாதவர்களே. "பிணையற்ற கடனீந்தோருக்குக் கொடுக்கும் தொகை" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த 2,40,000க்கும் கமிஷன் கேட்க இடமுண்டு. எங்கள் தீர்மானம் முன்னுரிமைக் கடனீந்தோர் நீங்கலாக என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்தச் சொற்கள் இல்லாதிருந்தால் இன்னொரு 4,800 கமிஷனாகப் போய், 20 லட்சம் கடனுக்கு 8 லட்சம் என்று கடைசி வரிசைக்குக் கிடைப்பது 100க்கு 40லிருந்து 39.76 ஆகியிருக்கும்.

மூன்றாவது பிழைதான் பெரியது. அது அறிக்கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழை. ஒரு கடன் நிறுவனத்துக்கு 3 லட்சம் பாக்கி, ஒரு வாகனம் பிணை. கலைப்பு தொடங்கியதும் அவர்கள் 3 லட்சத்துக்கும் உரிமைக்கோரல் படிவம் அனுப்பிவிட்டார்கள். பிறகு வாகனத்தை 1,80,000க்கு விற்றார்கள். பிணையில் ஈடாகாத 1,20,000க்கு மட்டுமே அவர்கள் பிணையற்றவர்களோடு சேர்ந்து நிற்க முடியும். நான் பழைய படிவத்தில் இருந்த 3 லட்சத்தையே பட்டியலில் ஏற்றி, மற்றவர்களின் 18,80,000ஓடு கூட்டி 21,80,000 என்று போட்டிருந்தேன். அதன்படி 100க்கு ஏறக்குறைய 36.68 வந்தது.

மூத்தவர் அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு, படிவங்களின் கோப்பைக் கேட்டார். பிணை பற்றிய கட்டம் நிரப்பப்பட்ட ஒவ்வொரு படிவத்தின் தேதியையும், அந்தப் பிணை விற்கப்பட்ட தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படிவம் விற்பனைக்கு முந்தையது என்றால் தொகை பழையது. வாகனக் கடனின் படிவம் அப்படித்தான் அகப்பட்டது. என் கணக்குப்படி கொடுத்திருந்தால் அந்த நிறுவனம் 1,80,000க்கு மேல் இன்னும் 1,10,000 சொச்சம் வாங்கி, ஏறக்குறைய முழுக் கடனையும் பெற்றிருக்கும். சரியான கணக்கில் அதற்குக் கூடுதலாகக் கிடைப்பது 48,000 மட்டுமே. திருத்திய பட்டியல் சரியாக 20 லட்சம், பங்கீடு 100க்கு 40. அன்று முதல் பங்கீட்டு வீதத்தைப் போடும் முன் படிவங்களின் தேதிகளைப் பார்ப்பதையே முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

இறுதிக் கூட்டத்துக்கு வந்தவர்களில் கம்பெனியிடமிருந்து 50,000 பாக்கி வர வேண்டியிருந்த ஒரு சரக்கு விநியோகஸ்தர், கட்டடம் 34 லட்சத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டேனே, அது இந்தக் காகிதத்தில் எங்கே என்று கேட்டார். அவர் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. விற்றவர் வங்கி என்பதால் எங்கள் கைக்கு வந்தது உபரி மட்டுமே என்றும், நாங்களே விற்றிருந்தால் 34 லட்சத்தை வரவிலும் 30 லட்சத்தைச் செலவிலும் எழுதியிருப்போம் என்றும் சொல்லி, 4 லட்சம் உள்ள வரியைக் காட்டினேன். அவர் வங்கியின் கணக்கையும் கேட்டு வாங்கி, 34இலிருந்து 30ஐக் கழித்துப் பார்த்தார். பிறகு தன் பெயருக்கு எதிரே இருந்த 20,000ஐப் பென்சிலால் டிக் செய்து, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் முதல் வரைவில் அந்த இடத்தில் 18,341 என்று இருந்தது.