காலை 5 மணிக்கு வண்டி நகரும்

கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் நவக்கிரக கோயில்கள் ஒன்பதையும் தரிசிக்க வேண்டுமென்றால் அந்த நாளின் தலையெழுத்து மதியம் 12.30க்குள் எழுதப்பட்டுவிடும். பெரும்பாலான கோயில்களில் அந்த நேரத்தை ஒட்டி நடை சாத்தினால் மறுபடி திறப்பது மாலை 4 மணிக்குத்தான். அதற்குள் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஐந்தும் முடிந்தாக வேண்டும். கஞ்சனூரில் சுக்கிரன் நடை சாத்திவிட்டால் பிற்பகல் முழுவதும் பின்னுக்குத் தள்ளிப்போகும். கடைசியில் இருக்கும் திருநள்ளாறு கைநழுவும்.

அதனால்தான் முந்தின நாள் இரவு எங்கள் குழுவுக்கு இப்படி அனுப்பினேன்:

"நாளை காலை 5.00 மணிக்கு லாட்ஜ் வாசலிலிருந்து வண்டி புறப்படும். முன் கண்ணாடியில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். 4.45க்குப் பெயர் கூப்பிடுவோம். 5.10 வரை காத்திருப்போம். அதற்குள் வர முடியாதவர்கள் நீடாமங்கலம் போகும் பேருந்தில் ஏறி ஆலங்குடியில் இறங்கவும்; 7.45 முதல் 8.30 வரை அங்கே இருப்போம். திங்களூர் தரிசனம் மட்டும் விட்டுப்போகும்."

'தாமதமானால் காத்திருக்க மாட்டோம்' என்று மட்டும் எழுதினால் வயதானவர்களுக்குப் பதற்றம்தான் வரும். எங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம் என்பதையும் சொல்லிவிட்டால், விதி கறாராக இருந்தாலும் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. திங்களூர் திருவையாறு பக்கம், மேற்கே இருக்கிறது. அங்கே போய்விட்டுத் திரும்பித்தான் ஆலங்குடிக்கு வர வேண்டும். அதனால் பிந்தியவர் நேராக அங்கே வர அவகாசம் உண்டு.

திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானைத் தரிசித்து எல்லோரும் வண்டி ஏறினோம். தலையை எண்ணியபோது 36 சரியாக இருந்தது. ஆனாலும் வழக்கம்போல் இருக்கை வரிசைப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். ஆறாம் இருக்கைப் பாட்டியிடமிருந்து "வந்தாச்சு" என்ற குரல் வரவில்லை. அவர் இடத்தில் ஓட்டுநரின் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். தலைக்கணக்கு சரியாக வந்தது அப்படித்தான். பாட்டியின் கைபேசி அவர் பையோடு வண்டியிலேயே இருந்தது. பக்கத்து இருக்கை அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது, கிரிகுஜாம்பாள் சந்நிதி முன்னால் கண்மூடி நின்றிருக்கிறார். "பாட்டி, வண்டி கிளம்பப் போகுது" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

பத்து நிமிட விதியை நான் காலையில், லாட்ஜ் வாசலில் மட்டுமே வைப்பேன். அங்கே பின்தங்கியவருக்கு அறையும் உண்டு, பேருந்தும் உண்டு. கோயிலுக்குள் போனவர் வராமல் வண்டி நகரக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் தேடித்தான் ஆக வேண்டும்.

பாட்டிக்காக நின்றதில் பன்னிரண்டு நிமிடம் போனது. சூரியனார்கோயிலில் அதை ஈடுகட்ட முடியவில்லை. கஞ்சனூர் போய்ச் சேர்ந்தபோது 12.10. தீபாராதனை கிடைத்துவிட்டது, சுக்கிர பகவான் அருள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அடுத்த செய்தியை அனுப்பினேன்: "வைத்தீஸ்வரன்கோயில் நடை திறப்பு மாலை 4. இங்கிருந்து 2.45க்குப் புறப்பாடு, 2.35க்குப் பெயர் கூப்பிடுவோம். கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்."