இரைச்சலோடு சுருதியும் போனது: ஒரு பக்திப்பாடல் கேசட்டைக் கணினிக்கு ஏற்றியபோது

கேசட் ஒன்றே ஒன்றுதான். 60 நிமிட நாடா, மோனோ டேப்ரெக்கார்டரில் நேரடியாகப் பிடித்த பதிவு. ஆண் குரல், சுருதிப்பெட்டி, ஜால்ரா. கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் போதும். ஆனால் மூன்று முறை ஏற்ற வேண்டி வந்தது. மூன்று முறையும் தப்பு இரைச்சல் நீக்கும் இடத்தில் இல்லை, அதற்கு முன்னால் இருந்தது.

முதல் தடவை கேசட் டெக்கின் ஒயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகியதால் வீணானது. அந்தத் துளை பெரும்பாலும் ஒரே சேனலைத்தான் எடுக்கும், அதையும் கரகரவென்று உடைத்துவிடும். லைன்-இன் உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிய பிறகு அது தீர்ந்தது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல். டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டன் கட்டாயம் ஆஃப். டால்பி இல்லாமல் பதிந்த நாடாவை டால்பி போட்டு ஓட்டினால் இரைச்சல் குறைந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் பாடகர் குரலைத் தணிக்கும்போதெல்லாம் மேல் ஓசையும் சேர்ந்து மங்கும்.

இரண்டாம் தடவை சத்தம் சுத்தமாக ஏறியது, குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பாடியது போல் இருந்தது. இங்கேதான் பலரும் ட்ரெபிளை ஏற்றுகிறார்கள். ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும், பிறகு அதை நீக்கப் போய்க் குரலைக் கொல்வோம். காரணம் நாடாவை வாசிக்கும் ஹெட்டின் சாய்வு, அதாவது அசிமத். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் இடம் 4.8 மைக்ரான்கூட இல்லை. ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோகும்.

திருத்துவது எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட வேண்டும். ஹெட்டின் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூக்களில் கீழே ஸ்பிரிங் வைத்ததுதான் அசிமத் ஸ்க்ரூ. அது முதலில் நின்ற இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துவிடுங்கள். ஜால்ரா கேட்கும் இடத்தை ஓட்டி, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து ஹெட்போனில் கேட்டபடி, காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள். ஒரு கால் சுற்றுக்கு மேல் போகத் தேவையே வராது. சரியான இடத்தில் 'தக்' என்று இருந்த ஜால்ரா 'ச்சிங்' என்று திறந்துகொள்ளும். ஸ்டீரியோவில் கேட்டால் அந்த இடம் தெளிவாகப் பிடிபடாது, மோனோவில்தான் சட்டென்று தெரியும்.

அந்த மோனோ இன்னொரு விதத்திலும் உதவும். மோனோ பதிவென்றால் இரண்டு சேனலிலும் குரல் ஒன்றே, இரைச்சல் மட்டும் வேறு வேறு. ஆடாசிட்டி மென்பொருளில் Mix Stereo Down to Mono கொடுத்தால் குரல் அப்படியே நிற்கும், இரைச்சல் 3 டெசிபல் இறங்கும். குரலிலிருந்து எதையும் அரியாமல் கிடைக்கும் லாபம் இது ஒன்றுதான். அசிமத் சரியில்லாமல் இதைச் செய்தால் இரண்டு சேனலும் சற்று முன்பின்னாகச் சேர்ந்து, இருந்த ஜால்ராவும் மங்கிவிடும்.

இனி மூன்றாம் தடவை, உண்மையில் வயிறெரிந்தது இங்கேதான். Noise Reduction-க்கு முதலில் வெறும் இரைச்சலைக் காட்டி Get Noise Profile கொடுக்க வேண்டுமல்லவா? பாட்டு தொடங்குமுன் பாடகர் மூச்சிழுக்கும் இரண்டு நொடி 'அமைதி'யை எடுத்துக் கொடுத்தேன். அது அமைதியே இல்லை, சுருதிப்பெட்டி அங்கே ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. மென்பொருள் சுருதியையும் குப்பை என்று எடுத்துக்கொண்டு, பாட்டு முழுக்க சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் கரைத்துவிட்டது. பாடகர் சட்ஜத்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் குரல் மெலிந்தது. குரலின் கனம் போய்விட்டதே என்று பாஸை ஏற்றிப் பார்த்து அரைநாள் போனது.

நாடாவின் ஆரம்பத்தில் வரும் நிறமில்லாத பட்டையும் இதற்கு ஆகாது, அதில் காந்தப்பூச்சே கிடையாது. பதிவே ஆகாத வெற்று நாடாவும் சரிவராது, பதிவு ஹெட் தொட்டுப் போன நாடாவின் இரைச்சல் அதைவிடக் கூடுதல். பாட்டு முடிந்து, சுருதிப்பெட்டியும் நின்று, ரெக்கார்டரை நிறுத்துமுன் உள்ள இடம்தான் வேண்டும். இந்தக் கேசட்டில் அது ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரே இடத்தில் கிடைத்தது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய ரெக்கார்டர்கள் தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும். பாட்டு நின்றதும் மைக்கின் அளவு ஏறி, அறையின் சத்தமும் மோட்டார் உறுமலும் பெரிதாகிவிடும். ஆகவே ஓசை அடங்கியவுடன் உள்ள முதல் அரை நொடியைத்தான் எடுக்க வேண்டும்.

அளவுகள் விஷயத்தில் பேராசை கூடாது. Noise reduction 6 டெசிபல், Sensitivity 4, Frequency smoothing 6. மோனோவில் கிடைத்த 3-ஐயும் சேர்த்தால் 9 டெசிபல் குறைந்திருக்கிறது, அது போதும். 15, 18 என்று போனால் இடைவெளிகள் கும்மிருட்டாகும், ஆனால் ஜால்ராவின் வால் தண்ணீருக்குள் கொப்பளிக்கும், 'ச', 'ஸ' எல்லாம் துண்டுபடும். காசு கொடுத்துக் கடையில் மாற்றி வாங்கிய ஒரு கேசட்டும் இதே கதிதான், நாமாவளி முழுக்கக் குழாயடியில் பாடியது போல. பாடும்போது இரைச்சலைக் குரலே மறைத்துக்கொள்கிறது. இடைவெளியில் மெல்லிய 'உஸ்' இருந்தால் குடிமுழுகிவிடாது.

செய்ததைச் சோதிக்க Residue என்பதைத் தேர்ந்து முன்னோட்டம் கேளுங்கள். நீக்கப் போவது மட்டும் அதில் ஒலிக்கும். வெறும் மழைச்சத்தம் வந்தால் நல்லது. அடியில் சுருதிப்பெட்டியின் ரீங்காரமோ, சொற்களின் நிழலோ கேட்டால் Sensitivity-யைக் குறையுங்கள், அப்போதும் கேட்டால் எடுத்த இரைச்சல் மாதிரியே தப்பு.

இன்னும் கொஞ்சம் இரைச்சல் உறுத்தினால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 2 டெசிபல் சரித்துவிடுவது இன்னொரு சுற்று நீக்கத்தைவிட மேல். மின்சார உறுமலை வெட்டும்போதும் கவனம். 50 ஹெர்ட்ஸில் குறுகலாக வெட்டலாம், அதன் மும்மடங்கான 150-ஐத் தொடாதீர்கள். சுருதி இரண்டு கட்டை என்றால் ஆண் குரலின் சட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ், வெட்டு அதன்மேல் விழும்.

எதையும் தொடாத மூலக் கோப்பைத் தனியாக வைத்த பிறகு, நிம்மதியாக பி பக்கத்தைப் போட்டால் மறுபடி போர்வை. கேசட்டைத் திருப்பியதும் நாடா ஓடும் சாய்வும் மாறிவிட்டது. ஸ்க்ரூவை மறுபடி அரைக்கால் சுற்று திருப்பிய பிறகுதான் ஜால்ரா திறந்தது.