ஐந்து மணி நேர ஆம்பிசிலினுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவை

எம்.எஸ்சி கடைசி செமஸ்டரில் எனக்குக் கிடைத்த வேலை, சொல்லக் கேட்டால் சின்னது. இ.கோலை பாக்டீரியாவை ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கில் போட்டு, மணிக்கொரு முறை எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ண வேண்டும். சரியாக ஒரு வரைபடம் வர எனக்கு ஏழு வாரம் ஆனது.

எங்கள் இ.கோலையின் வளர்ச்சியை நிறுத்த ஒரு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் போதும். நான் போட்டது 100. அவ்வளவு மருந்தில் எல்லாமே செத்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

முதல் முறை நூற்றில் ஒன்று பிழைத்திருந்தது. எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று முடிவு கட்டி சீனியர் அக்காவிடம் ஓடினேன். அவர் தட்டுகளைப் பார்க்கவே இல்லை. "ராத்திரி வளர்த்ததை எத்தனை மடங்கு நீர்க்கப் பண்ணின?" என்று கேட்டார். நூறு மடங்கு என்றேன். "அதுதான். நேற்றுத் தூங்கினது இன்னும் எழுந்திருக்கலை. ஆயிரம் மடங்கு பண்ணு. நல்லா வளர விட்டு அப்புறம் மருந்து போடு."

இதில்தான் விஷயமே இருக்கிறது. பாக்டீரியா வளரும்போது தன் செல் சுவரை ஓயாமல் வெட்டி ஒட்டி நீட்டிக்கொண்டே இருக்கும். ஆம்பிசிலின் அந்த ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. வெட்டும் வேலை நிற்பதில்லை. சுவர் பிய்ந்து செல் வெடிக்கிறது. சுவர் கட்டாமல் சும்மா இருக்கும் செல்லில் கெடுக்க ஒன்றும் இல்லை. மருந்து பக்கத்திலேயே இருந்தாலும் அதற்கு வேலை கிடைப்பதில்லை. இரவு முழுதும் வளர்ந்து உணவு தீர்ந்த வளர்ப்புக் குழம்பில் இப்படிச் சும்மா இருப்பவை ஏராளம். நான் எண்ணியது பெரும்பாலும் அவற்றைத்தான்.

இரண்டாவது முறை வேறு தப்பு. நீர்க்காத மாதிரியைப் பூசிய தட்டில், ஒரு செல் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியான காலனி மூன்றே மூன்று. அதையே பத்து மடங்கு நீர்த்துப் பூசிய தட்டில் முப்பது. தலைகீழாக இருந்தது. மாதிரியோடு ஆம்பிசிலினும் தட்டுக்குப் போய், விழித்தெழுந்தவற்றை அங்கேயே கொன்றிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு மாதிரியையும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவினேன். இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மூன்றாவது முறை கிடைத்த எண்கள் இவை. தொடக்கத்தில் மில்லிக்குச் சுமார் 10 கோடி. ஒரு மணி நேரத்தில் 6 லட்சம். இரண்டாம் மணியில் 20 ஆயிரம். அதன் பிறகு மூன்று, நான்கு, ஐந்தாம் மணிகளில் 11 ஆயிரம், 9 ஆயிரம், 8 ஆயிரம். செங்குத்தாக விழுந்த கோடு திடீரென்று படுத்துக்கொண்டது. மருந்துதான் வீரியம் இழந்துவிட்டதோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. ஐந்தாம் மணிக் குழம்பை வடிகட்டி அதில் புதிதாக வளரும் இ.கோலையைப் போட்டேன். அவை வேகமாகச் செத்தன. மருந்து அப்படியேதான் இருந்தது.

மிஞ்சிய காலனிகளில் ஆறை எடுத்துத் திரும்ப வளர்த்தேன். எதிர்ப்புத்திறன் என்றால் 8 என்ற அளவு ஏற வேண்டும். ஆறிலும் 8 தான். திரும்ப 100 மைக்ரோகிராம் போட்டபோது அதே விழுகை, அதே படுக்கை, கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. பிழைத்தவற்றின் பிள்ளைகள் பிழைக்கும் வித்தையைப் பெறவில்லை. அவர்களிலும் பத்தாயிரத்தில் ஒன்று மட்டுமே அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

1944இல் ஐரிஷ் ஆய்வாளர் ஜோசப் பிக்கர், பெனிசிலினில் பிழைத்த ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவில் இதையேதான் பார்த்தார். பெர்சிஸ்டர் என்ற பெயர் அவர் வைத்தது. அந்த செல்கள் மருந்துக்கு முன்பே தூங்கினவா, மருந்து வந்ததும் தூங்கினவா என்பதை என் தட்டுகளால் சொல்ல முடியாது. நதாலி பாலபனும் கூட்டாளிகளும் 2004இல் ஒற்றை ஒற்றைச் செல்லாக நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து, பெர்சிஸ்டர்கள் அதிகம் உண்டாகும் ஓர் இ.கோலை வகையில், பிழைத்தவை மருந்து வருமுன்பே வளராமல் நின்றவை என்று காட்டினார்கள்.

என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று ஒரே வருடத்தில் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் அதே மருந்துக்கு 'சென்சிட்டிவ்' என்றே இருந்தது. அம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. புதிதாகத் தொற்றியும் இருக்கலாம். ஆனால் அந்த ரிப்போர்ட்டால் எதைப் பார்க்க முடியாது என்று இப்போது தெரிகிறது. பாக்டீரியா பூசிய தட்டில் மருந்து வில்லையை வைத்து, அதைச் சுற்றி எதுவும் வளராத வட்டம் போதிய அகலத்தில் வந்தால் சென்சிட்டிவ் என்று எழுதுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் ஒன்றிரண்டு செல்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும், மருந்து இருக்கும்வரை அவை காலனியாக வளராது, கண்ணுக்கும் தெரியாது. பாலபனின் குழு 2017இல் இதற்கு ஒரு வழி சொன்னது: மருந்து வில்லையை எடுத்துவிட்டு அதே இடத்தில் குளுக்கோஸ் வில்லையை வைத்துக் காத்திருப்பது. பிழைத்தவை இருந்தால் வெறுமையாக இருந்த வட்டத்துக்குள் காலனிகள் முளைக்கும். அடுத்த வாரம் அதற்கான தட்டுகளை ஊற்றப்போகிறேன்.