டாஸ்க் 2 முன்னுரையை நான் எழுதிப் பழகிய விதம்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங் டாஸ்க் 2-இல் குறைந்தது 250 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்கு 40 நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதில் முன்னுரைக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். ஆனாலும் என்னை அதிகம் மெனக்கெட வைத்தது அதுதான். கேள்வியிலிருந்து அப்படியே எடுத்தெழுதும் வரிகள் நம் எழுத்தாகக் கணக்கில் வராது. "இன்றைய நவீன உலகில் இது பரவலாக விவாதிக்கப்படும் விஷயம்" போன்ற மனப்பாட வரியை எந்தக் கேள்விக்கும் ஒட்டிவிடலாம் என்பதால், அது இந்தக் கேள்வியைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

பயிற்சிக்கு எடுத்த கேள்வி ஒன்று: காற்று மாசைக் குறைக்க நகரங்களில் தனியார் கார்களைத் தடை செய்ய வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?

முதலில் என் நிலைப்பாட்டை முடிவு செய்தேன். ‘எந்த அளவுக்கு’ என்று கேட்பதால் ஓரளவு ஏற்கிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் எது வரை என்று காட்டியாக வேண்டும். நெரிசல் மிகுந்த நகர மையத்தில் தடை சரி, பஸ்ஸோ ரயிலோ போகாத புறநகரில் சரியில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அப்புறம் கேள்வியைப் பார்க்காமல் மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: யார் கேட்கிறார்கள், என்ன வேண்டும் என்கிறார்கள், எதற்காக?

முதல் வாக்கியம் இப்படி வந்தது: ‘நகரத்துக் காற்று சுத்தமாக வேண்டுமானால், மக்கள் சொந்தக் காரில் அங்கே போவதைத் தடுக்க வேண்டும் என்பது சிலரின் வாதம்.’ இரண்டாவது: ‘நகர மையத்தைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன், ஆனால் வேறு போக்குவரத்து இல்லாத புறநகர்களில் இந்தத் தடை மக்களை முடக்கிவிடும்.’

ஒவ்வொரு சொல்லுக்கும் இணைச்சொல் தேடிப் போடுவதை நான் தவிர்த்தேன். அப்படிச் செய்தால் வாக்கிய அமைப்பு பழையபடியே நிற்கும், பொருளும் நழுவும். ‘தனியார் கார்’ என்பதை ‘வாகனம்’ என்று மாற்றினால் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் உள்ளே வந்து, கேள்வியே வேறாகிவிடும். மாற்ற முடியாத சொல்லை அப்படியே விடலாம், அதில் தவறில்லை. ‘கார்’ என்ற சொல்லை நான் மாற்றவே இல்லை. செய்பவரை முன்னால் கொண்டுவருவது, காரணத்தை முதலில் வைப்பது என்று வாக்கியத்தின் கட்டை மாற்றினாலே போதும்.

நிலைப்பாட்டு வாக்கியத்தில் ஒரு வசதி உண்டு. அதில் இருக்கும் நகர மையம், புறநகர் இரண்டும் அடுத்த இரண்டு பத்திகளாகிவிடும். கட்டுரையை முடித்ததும் அந்த வாக்கியத்தையும் பத்திகளின் முதல் வரிகளையும் சேர்த்து வாசிப்பேன். புறநகர்ப் பத்தி எழுதும் வேகத்தில் கார் விலை, பார்க்கிங் என்று போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாசு பற்றிய கேள்வியில் அதற்கு வேலையில்லை என்று அடித்துவிடுவேன்.