பத்து டீ, பத்து வர்க்கி

அன்புத் தம்பிக்கு,

நேற்று போனில் "வேதியியல் புத்தகத்தைத் திறந்தாலே வயிறு கலக்குதுக்கா" என்றாய். எந்தப் பக்கத்தில் கலக்குகிறது என்று கேட்டதற்கு மோல் கணக்கு என்றாய். அப்படியென்றால் உனக்குப் பயம் முழுப் பாடத்தின் மீது இல்லை, ஓர் இடத்தின் மீதுதான். பதினொன்றாம் வகுப்புக் காலாண்டில் நானும் அதே இடத்தில்தான் விழுந்தேன். அந்த விடைத்தாளை அம்மாவிடம் காட்டாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தது தனிக் கதை.

நான் தப்பு விட்ட கணக்கு இதுதான். 10 கிராம் கால்சியம் கார்பனேட்டும் 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரிந்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு கிடைக்கும்?

பேனாவை எடுக்காதே. முதலில் நம் கோத்தகிரி டீக்கடையை நினைத்துக்கொள். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு வர்க்கி. கடையில் பத்து டீயும் பத்து வர்க்கியும் இருந்தால் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? ஐந்து பேருக்கு. வர்க்கி தீர்ந்துவிடும், ஐந்து டீ ஆறிப்போகும். வர்க்கிதான் இங்கே கணக்கை முடிக்கிறது. அதற்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயர்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. பெயர்தான் நீளம்.

இப்போது சமன்பாட்டை எழுது:

CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂

அந்த 2 தான் இரண்டு வர்க்கி. அடுத்து கிராமை மோலாக்கு. கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 40 + 12 + 48 = 100, ஆக 10 கிராம் என்பது 0.1 மோல். அமிலத்துக்கு 36.5, ஆக 3.65 கிராமும் 0.1 மோல்தான். நான் சறுக்கியது இங்கேதான். இரண்டும் 0.1, எல்லாம் சரியாகத் தீர்ந்துவிடும் என்று நினைத்து 0.1 மோல் கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது 4.4 கிராம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு மோல் அளவையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் இருக்கும் எண்ணால் வகுத்துப் பார். கார்பனேட்டுக்கு 0.1, அமிலத்துக்கு 0.05. சிறியது எதுவோ அதுதான் முதலில் தீரும். ஆகவே அமிலம்தான் வர்க்கி. கிடைக்கும் வாயு 0.05 மோல், 44 ஆல் பெருக்கினால் 2.2 கிராம். 5 கிராம் கார்பனேட் அப்படியே மிஞ்சும்.

விடை சரியா என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம், எடையைக் கூட்டு. தீர்ந்தது 5 + 3.65 = 8.65 கிராம். கிடைத்தது கால்சியம் குளோரைடு 5.55, தண்ணீர் 0.9, வாயு 2.2. கூட்டினால் அதே 8.65. என் பழைய விடையை இப்படிக் கூட்டினால் 11.1 + 1.8 + 4.4 = 17.3 வரும். போட்டதே 13.65 கிராம்தான், பிறகு 17.3 எங்கிருந்து வரும்? அன்று இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் தேர்வு அறையிலேயே பிடித்திருப்பேன். ஒன்று கவனி: கூட்டும்போது கேள்வியில் கொடுத்த எடையைத்தான் எடுக்க வேண்டும். 10 கிராம் முழுவதும் தீர 7.3 கிராம் அமிலம் வேண்டும் என்று நீயாகவே போட்டுக்கொண்டால் தப்பான விடையும் அழகாகச் சமமாகிவிடும்.

வாயுவை லிட்டரில் கேட்டால் 0.05ஐ 22.4 ஆல் பெருக்கு, 1.12 லிட்டர். ஆனால் அது 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும்தான். நம் மலையில் காற்றழுத்தம் குறைவு, அதே வாயு இங்கே இன்னும் கொஞ்சம் அதிக இடம் பிடிக்கும். இதைப் பரீட்சையில் எழுதிவைக்காதே!

படிக்கும் முறை என்று பெரிதாக எதுவும் இல்லை. காலையில் அப்பா தோட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரே ஒரு கணக்கு. தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்துப் பார்த்து எழுதாதே. ஒருமுறை படி, புத்தகத்தை மூடு, அப்புறம் எழுது. எங்கே கை நிற்கிறதோ அந்த வரியில் மட்டும் ஒரு புள்ளி வை. எனக்குப் புள்ளியெல்லாம் கிராமை மோலாக்கும் வரியில் விழவில்லை, முன்னால் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டிய வரியில்தான் விழுந்தது. உனக்கு எங்கே என்று நாலைந்து நாளில் நோட்டே காட்டிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் கிராம், மோல் என்று எழுதாமல் மட்டும் விடாதே. வெறும் 0.1 என்று எழுதினால் அது எதன் 0.1 என்று அடுத்த வரியில் உனக்கே தெரியாது.

சரி, நாளைக் காலைக்கு ஒன்று. 2.4 கிராம் மக்னீசியம், 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவ்வளவு ஹைட்ரஜன் வரும்? மக்னீசியத்துக்கு 24. விடையோடு எவ்வளவு மக்னீசியம் மிஞ்சியது என்பதையும் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். நான் விடுமுறைக்கு வரும்போது வர்க்கி வாங்கி வைக்கச் சொல்லு, நமத்துப் போகாததாக.

அன்புடன்,
அக்கா