மாத்திரையும் டின் பால் கோப்பியும்

பேராக்கில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்னப் பட்டணத்து கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தைராய்டு பாடம் சொல்லும்போது நான் முதலில் கற்றுத் தருவது ஒரு சின்னக் கணக்கு. தைராய்டு சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு லெவோதைராக்சின் மாத்திரை ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் போதும். 62 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 100 மைக்ரோகிராம் அளவில் வரும். அதைத் தாண்டியும் ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் அந்த மாத்திரை வயிற்றுக்குள் எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும்.

அப்படி ஓர் அக்கா வந்தார். வயது 49, பால் மரம் வெட்டுகிறார், எடை 62 கிலோ. அட்டையில் அளவு 100, 125, 150 என்று ஏறியிருந்தது. தைராய்டு சுரப்பு போதாதபோது ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் 22. நான்குக்குக் கீழே இருக்க வேண்டிய எண் அது. முகம் ஊதியிருந்தது, நாடி 54, மலச்சிக்கல், வெயிலிலும் குளிருகிறது என்றார். அளவு கூடக் கூட உடம்பு தேறவில்லை என்பதில் அவருக்கு மிகுந்த வருத்தம். “மிஸ்ஸி, ஒருநாள்கூட நான் மாத்திரையை விட்டதில்ல” என்றார். அது உண்மைதான். மாதாமாதம் சரியாக வந்து மருந்து வாங்கியிருக்கிறார்.

“காலையில எப்படிச் சாப்பிடுறீங்க, அக்கா?” என்று கேட்டேன்.

“நாலரைக்கு எழும்பி, கோப்பி கலக்கி, எல்லா மாத்திரையையும் ஒண்ணா முழுங்கிட்டுக் கிளம்பிடுவேன்.”

எல்லாம் அந்தப் பதிலிலேயே இருந்தது. கோப்பியே லெவோதைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதில் கலக்கும் டின் பாலில் கால்சியம் இருக்கிறது. “எல்லா மாத்திரை” என்றாரே, அதில் ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்தி. இரும்பும் கால்சியமும் இந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு, குடலுக்குள் கரைந்து இறங்க விடாது. 150 விழுங்கியும் உடம்பில் சேர்ந்தது கொஞ்சம்தான். “மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?” என்று மட்டும் கேட்டிருந்தால் ஆமாம் என்ற பதிலோடு அடுத்த அளவும் ஏறியிருக்கும். அதனால்தான் பிள்ளைகளிடம், எழுந்ததிலிருந்து தோட்டத்துக்குப் போகும்வரை என்னென்ன வாயில் போகிறது என்று வரிசையாகக் கேட்கச் சொல்கிறேன்.

சரி, இனி எப்படி? எழுந்தவுடன் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு லெவோதைராக்சின் மட்டும். அப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பி. நாலரைக்கு எழுபவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால் கோப்பியைப் பிளாஸ்கில் ஊற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், அதனால் அது மதியத்துக்கு மாறியது. விரத நாளில் மாத்திரையை விடுவாரா என்றும் கேட்டேன். விட்டதில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை விழுங்கும்போது மனம் உறுத்தும் என்றார். தண்ணீரோடு விழுங்கினால் விரதம் கெடாது என்று சொன்னதும் முகம் தெளிந்தது.

இங்கே தாதி தவறவிடக் கூடாத ஓர் ஆபத்து இருக்கிறது. பழக்கம் திருந்தியதும் அதே 150 முழுதாக உடம்பில் இறங்கும், அது அவருக்கு மிகை. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறைவு வரலாம். நாள்பட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பும் தேயும். பழைய இதய நோயாளிகள் என்றால் இன்னும் கவனம், அவர்களுக்குக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். அதனால் மருத்துவரிடம் எடை, நாடி, கோப்பி, இரும்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அளவை 100ஆகக் குறைத்தார். நெஞ்சு வலித்தாலோ துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ உடனே வரும்படி அக்காவிடம் சொல்லி அனுப்பினோம்.

அடுத்த ரத்தப் பரிசோதனை எட்டு வாரம் கழித்து. இரண்டு வாரத்தில் எடுத்தால் எண் நம்மைக் குழப்பும், ஏனென்றால் மருந்தில் பாதி உடம்பை விட்டு வெளியேற ஏறத்தாழ ஏழு நாள் ஆகிறது, புதிய அளவு நிலைப்படவே ஆறு வாரம் பிடிக்கும். எட்டாம் வாரம் டிஎஸ்எச் 3.1, நாடி 72. மலச்சிக்கலும் போயிருந்தது.

அன்று அவரோடு மகளும் வந்திருந்தார். அவரும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார், பிள்ளைக்குக் காத்திருக்கிறார். மாதவிடாய் தள்ளிப்போன அன்றே கிளினிக்குக்கு வரச் சொன்னேன். கருவுற்றால் தைராய்டு தேவை தொடக்க வாரங்களிலேயே கூடிவிடும், வழக்கமான அடுத்த தேதிவரை அது காத்திருக்காது.