1101 என்று எழுதினேன், விடை 1011

பைதான் நிரலாக்கத் தேர்வுக்குத் தயாரானபோது, நிரல் எழுதச் சொல்லும் கேள்விகள் எனக்குப் பெரிய தொல்லையாக இல்லை. "கீழே உள்ள நிரலின் அவுட்புட் என்ன?" என்று கேட்கும் கேள்விகளில்தான் மதிப்பெண் போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாறு வரிதான் இருக்கும், எல்லாம் தெரிந்த வரிகளாகத்தான் இருக்கும், ஆனாலும் விடை தப்பிவிடும். பழைய வினாத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தக் கேள்விகளை மட்டும் கையாலேயே ஆறு வாரம் போட்டுப் பார்த்தேன். எங்கே தப்பினேன், எப்படிச் சரியானது என்பதை எழுதுகிறேன்.

முதல் நாள் நான் விட்ட கேள்வி இது.

```python
n = 13
s = 0
while n > 0:
    s = s * 10 + n % 2
    n = n // 2
print(s)
```

பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது: இரண்டால் வகுக்கிறது, மீதியை எடுக்கிறது, அப்படியென்றால் 13-ஐ இருமத்துக்கு மாற்றும் நிரல். 13-க்கு இருமம் 1101. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடைத்தாளில் 1011 என்று இருந்தது. விடைத்தாளில்தான் அச்சுப்பிழை என்று நினைத்து, என்னுடன் படித்த ஒரு அக்காவிடம் காட்டினேன். அவர் நிரல் எதற்கு என்று பார்க்கவே இல்லை. ஒரு தாளில் நேராக இரண்டு பத்திகள் போட்டார், ஒன்று `s`, இன்னொன்று `n`.

```
s      n
0      13
1      6
10     3
101    1
1011   0
```

"இது என்ன பண்ணப் பார்க்குதுன்னு நீ யோசிக்கவே கூடாது. இந்த வரியில என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் பண்ணு" என்றார்.

நடந்தது இதுதான். இரண்டால் வகுக்கும்போது கடைசி இலக்கம்தான் முதலில் மீதியாக வரும். `s * 10 +` என்று எழுதினால் அது இடது ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அதனால் இருமம் தலைகீழாக வருகிறது. கேள்வியை அமைத்தவர் தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார், பார்த்துப் பழகிய நிரலில் ஒரே ஒரு இடத்தை மாற்றி. பழைய தாள்களைத் தொடர்ந்து போட்டபோது இந்த மாதிரி நிறைய வந்தன. பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரல் மாதிரியே இருக்கும், ஆனால் தொடக்க மதிப்பு 0, பட்டியலில் இருப்பதெல்லாம் எதிர்ம எண்கள். எனவே விடை 0. நிரலை அடையாளம் கண்டுகொள்கிறவர்தான் இந்த இடத்தில் விழுவார்.

அதிலிருந்து எந்தக் கேள்வியானாலும் பத்தி போட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். முதலில் எல்லா வரிக்கும் எல்லா மாறியையும் திரும்பத் திரும்ப எழுதினேன், தாள் நிறைந்துவிட்டது. அப்புறம் மதிப்பு மாறும்போது மட்டும் புதிய வரி எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். `while`-இல் நிபந்தனை பொய்யாகும் அந்தக் கடைசிச் சோதனையையும் ஒரு கோடு போட்டுக் காட்டுவேன். அதை விட்டால் லூப் ஒரு சுற்று கூடவோ குறையவோ ஓடிவிடும். `for i in range(3)` முடிந்த பிறகு `i` 2-ஆக நிற்கும், `while i < 3` முடிந்தால் 3-ஆக நிற்கும். லூப்புக்கு வெளியே `print(i)` வைத்துக் கேட்கும் கேள்விகளுக்கு இந்தக் கோடு ஒன்றே போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரம் வரை இப்படி நன்றாகப் போனது. பிறகு லிஸ்ட் கேள்விகள் வந்தன. பத்தி போட்டும் தப்பியது, அதுதான் என்னை உலுக்கியது.

```python
a = [4, 7, 8, 6, 3]
for x in a:
    if x % 2 == 0:
        a.remove(x)
print(a)
```

`x` ஒரு பத்தி, `a` ஒரு பத்தி. `x` 4, இரட்டை எண், நீக்கு. 7, விடு. 8, நீக்கு. 6, நீக்கு. 3, விடு. விடை `[7, 3]`. ஒழுங்காகப் பத்தி போட்டு வந்த விடை, தவறு. சரியான விடை `[7, 6, 3]`.

நான் எழுதாமல் விட்டது ஒரு பத்தி. நிரலில் பெயர் இல்லாத ஒரு எண் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது: அடுத்து எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது. `for` அடுத்த மதிப்பை எடுக்கும்போது அந்த இட எண்ணை வைத்துத்தான் எடுக்கிறது, லிஸ்ட் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறதோ அதிலிருந்து. அந்தப் பத்தியையும் சேர்த்துப் போட்டால் இப்படி வரும்.

```
இடம்   x    நீக்கிய பின் a
0      4    [7, 8, 6, 3]
1      8    [7, 6, 3]
2      3    [7, 6, 3]
3      -    முடிந்தது
```

4 போனதும் 7 பூஜ்ஜியமாவது இடத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்து பார்ப்பது இடம் 1, அங்கே 8. எனவே 7-ஐ யாரும் பார்க்கவே இல்லை. அது ஒற்றை எண் என்பதால் விடையில் அந்தப் பிழை தெரியாது. 8 போனதும் 6 இடம் 1-க்கு வருகிறது, ஆனால் பார்ப்பது இடம் 2. இப்படித்தான் 6 தப்பித்துக்கொள்கிறது. இடம் 3-க்கு வரும்போது லிஸ்டில் மூன்றே உறுப்புகள், லூப் அமைதியாக நின்றுவிடும்.

இதே வேலையை `for i in range(len(a))` என்று வைத்து, உள்ளே `a[i]`-ஐச் சோதித்து `a.pop(i)` செய்வதாகவும் ஒரு தாளில் இருந்தது. அங்கே `len(a)` தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் கணக்கிடப்படும், 5 என்று நின்றுவிடும். இடம் 3-இல் `a[3]` கேட்கும்போது லிஸ்டில் மூன்றுதான் இருக்கும், `IndexError`. இரண்டும் ஒரே நிரல் என்று நினைத்தவர்களுக்கு விடை ஒன்றாக வரும். இட எண்ணைப் பத்தியாகப் போட்டவர்களுக்குத்தான் எங்கே பிரிகிறது என்று தெரியும்.

லிஸ்டில் இன்னொரு சிக்கல் என்னை இதைவிட அதிக நாள் பிடித்துவைத்தது.

```python
p = [1, 2]
q = p
q.append(3)
q = q + [4]
p.append(5)
print(p, q)
```

`p` பத்தியில் `[1, 2]`, `q` பத்தியிலும் `[1, 2]` என்று எழுதுவேன். அங்கேயே தவறிவிட்டது. இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டு லிஸ்ட் இருப்பதாக என் கை நம்பிவிடுகிறது. இருப்பது ஒன்றே ஒன்று, இரண்டு பெயர்கள். அதனால் லிஸ்ட் வந்தால் மதிப்பைப் பத்தியில் எழுதுவதை நிறுத்தினேன். தாளின் வலது பக்கம் ஒரு பெட்டி வரைந்து அதில் `[1, 2]`, `p`-இலிருந்து ஒரு அம்பு, `q`-இலிருந்து ஒரு அம்பு. `append` வந்தால் பெட்டிக்குள் எழுது, அம்பைத் தொடாதே. `=` வந்தால் அம்பை நகர்த்து, பெட்டியைத் தொடாதே.

இப்படிப் போட்டால் `q.append(3)`-இல் பெட்டி `[1, 2, 3]` ஆகும், இரண்டு பெயருக்கும் அதே பெட்டி. `q + [4]` புதிதாக ஒரு பெட்டியை உண்டாக்கும், `q`-இன் அம்பு அங்கே போகும். `p.append(5)` பழைய பெட்டிக்குள். அவுட்புட் `[1, 2, 3, 5] [1, 2, 3, 4]`.

அதே நிரலில் `q = q + [4]` இடத்தில் `q += [4]` என்று வைத்த கேள்வியும் உண்டு. லிஸ்டுக்கு `+=` இருக்கிற பெட்டிக்குள்ளேயே சேர்க்கும், புதுப் பெட்டி கிடையாது. எனவே இரண்டு பெயரும் கடைசி வரை ஒரே பெட்டியில்தான் இருக்கும், `[1, 2, 3, 4, 5]` இரண்டு முறை அச்சாகும். எண்களுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது, அதனால்தான் இது இவ்வளவு நாள் என் கண்ணில் படவில்லை.

விடை பார்க்கும் முறையையும் நடுவில் மாற்றினேன். முன்பெல்லாம் கடைசி அவுட்புட்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, தவறென்றால் முதலிலிருந்து திரும்பப் போடுவேன். பிறகு கையால் முடித்த பின்தான் கணினியைத் திறப்பேன், லூப்பின் கடைசி வரியாக ஒரு `print` சேர்த்து மாறிகளை அச்சிட்டு, என் பத்தியோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்பேன். முதலில் எந்த வரி ஒத்துப்போகவில்லையோ அந்த ஒரு வரியை மட்டும் கவனித்தால் போதும், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதன் விளைவு. `remove` கேள்வியில் இரண்டாவது வரியில் கணினி `x` 8 என்றது, என் தாளில் 7. அந்த இடத்தில்தான் இட எண் எனக்குப் பிடிபட்டது.

பழைய தாள்களில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மிகப் பழைய தாள் என்றால் அது பைதான் 2-க்கு எழுதியதாக இருக்கலாம். `print` பக்கத்தில் அடைப்புக்குறி இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். பைதான் 2-இல் `7 / 2` என்றால் 3, பைதான் 3-இல் 3.5. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட தாள் கிடைத்தால் `/` இருக்கும் வரிகளில் விடைத்தாளை நம்பாமல், நானே பைதான் 3-இல் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டேன்.

ஆறாவது வாரம் முடியும்போது, தொடக்கத்தில் பன்னிரண்டு நிமிடம் பிடித்த கேள்வி நான்கைந்து நிமிடத்தில் முடிந்தது. பெட்டி வரைவதால் நேரம் போகும் என்று பயந்தேன், உண்மையில் திரும்பத் திரும்பப் போடுவதில்தான் நேரம் போயிருந்தது.

தேர்வில் லிஸ்ட் கேள்வி ஒன்று வந்தது.

```python
def f(x):
    x.append(1)
    x = []
    x.append(9)

a = [5]
f(a)
print(a)
```

வலது ஓரத்தில் பெட்டி வரைந்தேன், `a`-இலிருந்தும் `x`-இலிருந்தும் அம்பு. 1-ஐ உள்ளே எழுதினேன். `x = []` வந்ததும் `x`-இன் அம்பை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதுப் பெட்டி, 9 அதற்குள். `a`-இன் அம்பு முதல் பெட்டியிலேயே நின்றது. `[5, 1]` என்று எழுதிவிட்டு, அடித்த அம்பையும் அழிக்காமல் அப்படியே விட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனேன்.